தண்ணீர் கொட்டிய ராத்திரி

கண்ணம்மா,

நேற்று ராத்திரி லேப்டாப்பில் தண்ணீர் கொட்டிவிட்டதென்று நீ ஹாஸ்டலிலிருந்து போன் செய்தபோது, "சுவிட்சை அணை, சார்ஜரைப் பிடுங்கு, பவர் பட்டனை அமுக்கிப் பிடி, கவிழ்த்து வை" என்று கத்திவிட்டேன். கோபமில்லை, காரணம் சொல்ல நேரமில்லை. இப்போது சொல்கிறேன். உன் மேசையின் லட்சணம் எனக்குத் தெரியும், இன்னொரு தடவையும் கொட்டுவாய்.

சிம் லிம் கடையில் இத்தனை வருஷம் லேப்டாப் பிரித்ததில் நான் கண்டது, வெறும் தண்ணீரைவிட மின்சாரத்தோடு சேர்ந்த தண்ணீர்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத் தின்கிறது. குழாய்த் தண்ணீரில் கரைந்த உப்பு இருக்கிறது. கரண்ட் ஓடும் இடத்தில் அது தேங்கினால் ஷார்ட் ஆகும், செம்பும் அரித்துப் பச்சை பூக்கும். அதனால்தான், "கட்டுரையை சேவ் பண்ணிட்டு ஷட் டவுன் கொடுக்கவா?" என்று நீ கேட்டபோது வேண்டாம் என்றேன். பட்டனைப் பத்து விநாடி விடாமல் அமுக்கினால் உடனே அணையும். போவது இரண்டு பத்தி, அவ்வளவுதான்.

கவிழ்ப்பதிலும் ஒரு முறை இருக்கிறது. மூடியை நன்றாக விரித்து, கீபோர்டு கீழே பார்க்கும்படி துண்டின் மேல் கூடாரம்போல் நிறுத்த வேண்டும். போர்டு கீபோர்டுக்கு அடியில் இருப்பதால், வந்த வழியாகவே தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறோம். குலுக்கினால் காய்ந்த மூலைக்கும் ஓடிவிடும். துடைக்கும்போது கீயை அழுத்தாதே. புது மேக்புக் மாதிரி சில மெஷின்கள், எந்தக் கீயைத் தொட்டாலும் தானே ஆன் ஆகிவிடும்.

அணைந்துவிட்டதே என்றும் நிம்மதியாக இருக்க முடியாது. உள்ளே பேட்டரி மாட்டியிருக்கும்வரை போர்டில் சில இடங்களில் மின்சாரம் இருந்துகொண்டே இருக்கும். முன்பு ஒரு பையன் மூன்று நாள் அரிசி மூட்டைக்குள் வைத்திருந்து கொண்டுவந்தான். ஒரு நாள் ஓடியதாம், பிறகு செத்துவிட்டது. திறந்தால் யுஎஸ்பி துளையில் அரிசித் தூசி, பேட்டரி கனெக்டரைச் சுற்றிப் பச்சை. சிப்புக்கு அடியில் ஒளிந்த தண்ணீரை அரிசி எப்படி உறிஞ்சும்? ஹேர் டிரையரும் வேண்டாம், ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபேன் காற்று பட வைப்பதே மேல். ஏர்கான் இருந்தால் டிரை மோடில் போடு.

நல்லவேளை, தே தாரிக் இல்லை. சர்க்கரையும் பாலும் காய்ந்தபின் பசையாக ஒட்டிக்கொள்ளும், போர்டைக் கழற்றிக் கழுவித்தான் ஆகவேண்டும்.

வகுப்பு முடிந்ததும் இன்றைக்கே கடைக்கு எடுத்து வா, பேட்டரியைக் கழற்றிப் பார்க்கிறேன். அடிப்பாகம் சூடாகவோ உப்பலாகவோ இருந்தாலோ, வழக்கமில்லாத வாடை அடித்தாலோ பையில் போட்டு எம்ஆர்டி ரயிலில் ஏறாதே. படுக்கை, துணிமணிக்குத் தள்ளி வெறும் தரையில் வைத்துவிட்டு எனக்குப் போன் செய். ஓடுகிறதா என்று ஒரே ஒரு தடவைகூட ஆன் செய்து பார்க்காதே.

அப்பா