எல்.ஓ.டி. 350 என ஒப்படைக்கப்பட்ட மின், இயந்திர மாதிரியும் ‘மோதல் எதுவுமில்லை’ என்ற அறிக்கையும்: முறைப்பாடு

நுவரெலியா

பணிப்பாளர் அவர்களுக்கு,

எங்கள் ஹோட்டலின் புதிய மூன்று மாடிப் பகுதிக்கு, குழாய்களும் உத்தரங்களும் ஒன்றோடொன்று இடிக்காமல் கணினி மாதிரியில் சரிபார்க்கும் பிம் ஒருங்கிணைப்பைத் தங்கள் நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தோம். இறுதி அறிக்கையின் முதற்பக்கத்தில் ‘மோதல் எதுவுமில்லை’ என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தந்தீர்கள். அதை நம்பி முதலாம் மாடியின் உத்தரங்களுக்குக் கொங்கிறீட் இட்டோம். இப்போது அந்த மாடியின் நடைபாதைக் கூரையில் குழாய் பொருத்த வந்த பாஸ்மார் ஏணியை மடித்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பொருத்துவதற்கு அங்கே இடமில்லை.

கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். உத்தரத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 2800 மில்லிமீற்றர் உயரத்தில் இருக்கிறது, பொய்க்கூரை 2400இல். இடையே 400. பொய்க்கூரையின் பலகைக்கும் சட்டத்துக்கும் 50 போனால் எஞ்சுவது 350. இதற்குள் 250 உயரமுள்ள காற்றுக் குழல் ஒன்றும், அதன் கீழே குறுக்காகச் செல்லும் 42 விட்டமுள்ள வெந்நீர்க் குழாய் ஒன்றும் வர வேண்டும். உங்கள் மாதிரியில் இரண்டும் சேர்ந்து 292. இன்னும் 58 மிச்சம். எனவே மென்பொருளுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆனால் கட்டடத்தில் வெற்றுத் தகட்டையும் வெற்றுக் குழாயையும் யாரும் தொங்கவிடுவதில்லை. சூடாக்கிய காற்று செல்லும் குழலுக்கு மேலும் கீழும் 25 மில்லிமீற்றர் வெப்பக் காப்பு உண்டு. அதனால் அது 300. அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் 41. வெந்நீர்க் குழாய்க்கும் சுற்றிலும் 25 காப்பு, அது 92. கூட்டினால் 433. இருக்கும் 350இல் 433 அடங்காது. 83 மில்லிமீற்றர் அதிகம். இந்தக் குளிரில் காப்பைக் கழற்றி இடம் தேடுங்கள் என்று உங்கள் அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் ஒருவர் சொன்னதை நான் கேலியாகவே எடுத்துக்கொண்டேன்.

மாதிரியில் எவ்வளவு விவரம் இருக்க வேண்டும் என்பதைக் குறிக்க ஒப்பந்தத்தின் பின்னிணைப்பில் நாம் எழுதியது எல்.ஓ.டி. 350. பிம்ஃபோரம் அமைப்பு 2013இல் முதன்முதலாக வெளியிட்ட விவரக்குறிப்பில் 300க்கும் 400க்கும் இடையே இந்தப் படி சேர்க்கப்பட்டதற்குக் காரணமே இப்படிப்பட்ட நடைபாதைதான். 300இல் ஒரு குழாயின் அளவும் வடிவமும் இடமும் சரியாக இருந்தால் போதும். 350இல் அந்தக் குழாய் தன் அயலவற்றோடு எப்படிச் சேர்கிறது என்பதும் மாதிரியில் இருக்க வேண்டும்: தாங்கிகள், காப்பு, சுவரையும் உத்தரத்தையும் கடக்கும் துளைகள், பராமரிப்புக்கு விட வேண்டிய இடம். பட்டறையில் வெட்டித் தயாரிக்கும் அளவுக்கு விவரம் கொண்ட 400ஐ நாங்கள் கேட்கவில்லை. அதற்குக் கட்டணமும் பேசவில்லை. 350க்குப் பேசினோம், கட்டினோம், கிடைத்தது 300. கோப்பின் பெயரில் மட்டும் 350 இருக்கிறது. இந்த அளவு ஒவ்வொரு உறுப்புக்கும் தனித்தனியே உரியது என்பதும், முழுக் கோப்புக்கும் ஒரே முத்திரை குத்த முடியாது என்பதும் எங்களை விட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரியில் காப்பு இல்லாவிட்டாலும் பிடிக்க வழி இருந்தது. நீங்கள் செய்தது பொருளும் பொருளும் ஊடுருவுகிறதா என்று பார்க்கும் சோதனை மட்டுமே. குழலுக்கும் குழாய்க்கும் இடையே 100 மில்லிமீற்றர் கேட்டு இடைவெளிச் சோதனை ஒன்றை ஓட்டியிருந்தால், மிஞ்சிப்போனால் 58 மட்டுமே உள்ள அந்த இடம் உடனே சிவப்பாக எரிந்திருக்கும்.

இதுவரை சொன்னதைக் கவனக்குறைவு என்று விட்டுவிடலாம். அடுத்தது அப்படியல்ல. அறிக்கையின் பிடிஎஃப் எங்களுக்குப் போதவில்லை. மோதல் சோதனை ஓடிய நவிஸ்வேர்க்ஸ் மென்பொருளின் மூலக் கோப்பைக் கேட்டு வாங்கி, கண்டியில் வேலை செய்யும் பொறியியலாளர் ஒருவரிடம் திறந்து காட்டச் சொன்னோம். நடைபாதையின் கிழக்கு முனையில் கேபிள் தட்டு உத்தரத்துக்குள் 60 மில்லிமீற்றர் புகுந்திருக்கிறது. உங்கள் முந்தைய அறிக்கையில் அது மோதலாகவே பதிவாகியிருந்தது. இறுதி அறிக்கையில் `Resolved` என்று மாறியிருக்கிறது. ஆனால் இரண்டு மாதிரிகளிலும் தட்டின் உயரம் ஒன்றே! தட்டு நகரவில்லை, உத்தரமும் நகரவில்லை. நகர்ந்தது `Tolerance` என்ற எண். அது 10இலிருந்து 75 ஆக்கப்பட்டிருக்கிறது. 75க்குக் குறைவான ஊடுருவலை மென்பொருள் கணக்கில் எடுக்காது. முந்தைய ஓட்டத்தில் இருந்து இந்த ஓட்டத்தில் காணாமற்போன மோதலுக்குத் தானாகவே `Resolved` என்று எழுதிவிடும். வரைகலையில் வரும் சில மில்லிமீற்றர் உரசல்களை ஒதுக்க 5 அல்லது 10 வைப்பதை நாங்கள் ஏற்கிறோம். 75 என்பது எங்கள் வெந்நீர்க் குழாயின் விட்டத்தை விடவே பெரியது.

அதற்கும் அடங்காத மோதல்களுக்கு `Approved` என்று போட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லுக்கு, மோதலைப் பார்த்தோம், அப்படியே இருக்கட்டும் என்று பொறுப்பானவர் ஒப்புக்கொண்டார் என்பது பொருள். யார் ஒப்புக்கொண்டார்? கூட்டக் குறிப்பு எதிலும் அப்படி ஒரு முடிவு இல்லை. எங்கள் கட்டமைப்புப் பொறியியலாளரிடம் கேட்டோம். உத்தரத்தில் துளையிட அவர் ஒருபோதும் சம்மதிக்கவில்லை. கொங்கிறீட் இடுமுன் கேட்டிருந்தால், கம்பி கட்டும்போதே உறை பதித்து வழி செய்திருப்பேன் என்றார். இப்போது கம்பியை வெட்டாமல் துளையிட இடமில்லை. மாதிரிக்குப் பணம் கொடுத்ததே அந்த உறைகளை முன்கூட்டியே பதிக்கத்தான்.

எனவே பின்வருவனவற்றைக் கோருகிறோம். இரண்டாம், மூன்றாம் மாடி நடைபாதைகளிலும் பம்பு அறையிலும் உள்ள குழல், குழாய், கேபிள் தட்டு அனைத்தையும் காப்பு, தாங்கி, உறை, பராமரிப்பு இடம் ஆகியவற்றுடன் மேலதிகக் கட்டணமின்றி மீண்டும் மாதிரியாக்கித் தர வேண்டும். மின் பலகைகளின் முன்னால் கதவு திறக்கவும் ஆள் நிற்கவும் வேண்டிய வெளியையும் ஒரு பொருளாகவே வரைந்து சோதிக்க வேண்டும். இப்போது பம்பு அறைப் பலகையின் கதவு, திறந்தால் குழாயில் முட்டும். சோதனைகளை மூலக் கோப்பாகவே தாருங்கள். ஒவ்வொன்றிலும் பயன்படுத்திய எண் தெரிய வேண்டும். ஒரே குழாய் ஒரே சுவரில் இருபது இடத்தில் உரசுவதை இருபது மோதலாக எண்ணிப் பக்கம் நிரப்பாமல், இடவாரியாகத் தொகுத்து, எது நகர வேண்டும், யார் நகர்த்துவார், எந்தத் தேதிக்குள் என்று எழுதுங்கள். சரிவோடு ஓடும் கழிவுநீர்க் குழாய்க்கு முதலிடம் கொடுங்கள்; அதை மேலே தூக்க முடியாது, மற்றவை வளைந்து போகலாம்.

முதலாம் மாடியில் வெந்நீர்க் குழாயை அறைகளின் குளியலறைப் பக்கமாக மாற்றிக் கொண்டுசெல்வதே இப்போதுள்ள ஒரே வழி. அதற்கான குழாய், காப்பு, கூலி, உடைத்துப் பூசும் செலவு ஆகியவற்றின் மதிப்பீட்டை ஒப்பந்தகாரர் தந்திருக்கிறார், இத்துடன் இணைத்துள்ளோம். அந்தத் தொகை தங்களது இறுதித் தவணையிலிருந்து கழிக்கப்படும். மீதித் தொகை, திருத்திய மாதிரியை எங்கள் பொறியியலாளர் திறந்து பார்த்து ஏற்ற பிறகே செலுத்தப்படும்.

இரண்டாம் மாடி உத்தரங்களுக்குக் கம்பி கட்டும் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறோம். மழைக்காலம் தொடங்குமுன் கொங்கிறீட் இட வேண்டியிருப்பதால், 14 நாட்களுக்குள் உறைகளின் இடங்களைக் காட்டும் வரைபடம் எங்கள் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் ஒப்பந்தத்தின் பிணக்குத் தீர்வுப் பிரிவின்படி நடவடிக்கை எடுப்போம்.

இப்படிக்கு,
திட்ட முகாமையாளர்
(ஹோட்டல் உரிமையாளர் சார்பாக)

இணைப்பு: மாற்று வேலைக்கான மதிப்பீடு, கிழக்கு முனையின் திரைப்பிடிப்புகள், இரு அறிக்கைகளின் பிரதிகள்