படுக்கையில் கிடந்ததாகச் சான்று கேட்காதீர்கள்: தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். வருகைக் குறைவுக்கு விலக்கு கோரி, துறைத்தலைவர், முதல்வர் ஆகியோரின் பரிந்துரையோடு நான் அனுப்பிய விண்ணப்பம் தங்கள் அலுவலகத்திலிருந்து திரும்பி வந்திருக்கிறது. ‘உள்நோயாளிச் சான்று இணைக்கப்படவில்லை’ என்று அதன் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியிருக்கிறார்கள். தேர்வு நெருங்கிவிட்டது. ஹால் டிக்கெட் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் பட்டியலில் என் பதிவெண் இருக்கிறது. விண்ணப்பத்தில் சொல்ல இடமில்லாத விவரங்களை இங்கே எழுதுகிறேன்.

எனக்கு வந்தது நுரையீரல் காசநோய். விடாத இருமலும் மாலைக் காய்ச்சலும் இருந்ததால் சளிப் பரிசோதனை செய்தார்கள். கிருமி இருப்பது உறுதியானதும் மருத்துவர் முதலில் கேட்டது, பகலில் நான் எங்கே இருக்கிறேன் என்பதைத்தான். வகுப்பறை என்றேன். எத்தனை பேர், ஜன்னல்கள் திறந்திருக்குமா என்று கேட்டுவிட்டு, தான் சொல்லும்வரை அந்த அறைக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இந்த நோய் காற்றில் பரவுவது. இருமும்போது வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். சரியான மருந்தைத் தொடங்கிப் பெரும்பாலும் இரண்டு வாரம் போல ஆன பிறகே தொற்றும் தன்மை வெகுவாகக் குறையும். ஆகவே நான் வகுப்புக்கு வராமல் இருந்தது பக்கத்து இருக்கைக்காரரின் நுரையீரலுக்காகவும்தான்.

இரண்டு வாரத்தில் திரும்பியிருப்பேன். ஆனால் மூன்றாம் வாரத்தில் மருந்தே ஈரலைத் தாக்கியது. சோற்றைக் கண்டாலே குமட்டல். கண்ணின் வெள்ளை மஞ்சளாகிவிட்டது. காசநோய்க்கு முதல் இரண்டு மாதங்கள் கொடுக்கும் நான்கு மருந்துகளில் ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு ஆகிய மூன்றுமே ஈரலைப் பாதிக்கக்கூடியவை. மருத்துவர் மாத்திரைகளை நிறுத்தி, இரத்தப் பரிசோதனையில் அளவுகள் இறங்கும்வரை காத்திருந்து, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கினார். இடையில் மருந்து நின்றுபோனதால், மறுபடி சளியைப் பரிசோதித்துக் கிருமி இல்லை என்று தெரிந்த பிறகே உடல்தகுதிச் சான்று கொடுத்தார். மொத்தம் ஆறு வாரங்கள்.

தங்கள் விதி எனக்குத் தெரியும். 75 சதவீத வருகை வேண்டும். 65-க்குக் குறையாமல் இருந்தால், மருத்துவக் காரணத்துக்காகக் கண்டொனேஷன் கட்டணம் பெற்றுக்கொண்டு தாங்கள் விலக்களிக்கலாம். இந்தப் பருவத்தின் வேலை நாட்கள் 90. ஆறு வாரத்தில் நான் இழந்தவை 30. மீதி 60 நாட்களும் வகுப்பில் இருந்திருக்கிறேன். அது 66 சதவீதத்துக்கும் சற்று மேல். நான் வராத நாட்களில் ஒன்றுகூடச் சான்றில் குறித்த தேதிகளுக்கு வெளியே இல்லை. வருகைப் பதிவேட்டையும் சான்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் போதும். நோய் உறுதியான உடனேயே துறைக்குக் கடிதம் கொடுக்கப்பட்டது. திரும்பிய வாரத்திலேயே சான்றும் கொடுக்கப்பட்டது.

அப்படியிருந்தும் தடையாக நிற்பது அந்தச் சிவப்பு மை வரிதான். ஐயா, காசநோயாளிகளில் பெரும்பாலோர் மருத்துவமனையில் படுப்பதே இல்லை. மூச்சுத்திணறல் முற்றினாலோ, இரத்தம் அதிகமாக வந்தாலோ, வேறு பெரிய சிக்கல் இருந்தாலோதான் சேர்த்துக்கொள்வார்கள். மற்றவர்கள் வீட்டிலிருந்தபடி தினமும் மாத்திரை விழுங்கி, குறித்த நாளில் புறநோயாளிப் பிரிவுக்குப் போய்ப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இதுதான் முறையான சிகிச்சை. என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதால் என் நோய் சிறியதாகிவிடாது. அச்சிட்ட விதிமுறையிலும் பதிவு பெற்ற மருத்துவரின் சான்று வேண்டும் என்றுதான் இருக்கிறதே தவிர, உள்நோயாளியாக இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. அது கவுன்ட்டரில் பிறந்த நிபந்தனை.

அந்தக் கவுன்ட்டரில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கிறது. சான்றை வாங்கிய ஊழியர், வரிசையில் நின்றவர்கள் அனைவருக்கும் கேட்கும்படி நோயின் பெயரை உரக்கப் படித்தார். படித்ததும் தாளை நுனிவிரலால் பிடித்து மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். எனக்குப் பின்னால் நின்ற மாணவி துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு இரண்டடி நகர்ந்தாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் இனித் தொற்று இல்லை என்று சொல்லும் உடல்தகுதிச் சான்று அதே கட்டில் அடுத்த தாளாக இருந்தது. அதை யாரும் திருப்பிப் பார்க்கவில்லை. பிறகு அந்த ஊழியர் குரலைத் தாழ்த்தி, ஏதாவது ஒரு நர்சிங் ஹோமில் பத்து நாள் படுத்திருந்ததாக எழுதி வாங்கி வந்தால் வேலை முடிந்துவிடும், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள் என்றார். உதவுவதாக நினைத்துத்தான் சொன்னார் என்று நம்புகிறேன். ஆனால் இன்றுவரை என்னால் அதை மறக்க முடியவில்லை. நோயின் பெயரை உரக்கச் சொன்னவர் பொய்க்கு வழி சொல்லும்போது குரலைத் தாழ்த்துகிறார். உண்மையான சான்று திரும்பி வருகிறது. விலைக்கு வாங்கும் சான்று ஏற்கப்படும் என்கிறார்கள். போலிச் சான்றைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை என்றால், அது போலிச் சான்றைத்தான் வளர்த்துக்கொண்டிருக்கிறது. மாணவர்களின் ஒழுக்கத்தைப் பற்றிச் சுற்றறிக்கைகளுக்கு மட்டும் குறைவில்லை.

நான் அப்படி ஒரு தாளை வாங்க மாட்டேன். என்னிடம் இருப்பதை யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். சான்றில் மருத்துவரின் பதிவு எண் இருக்கிறது. சளி, இரத்தப் பரிசோதனை அறிக்கைகளில் ஆய்வகத்தின் வரிசை எண்ணும் தேதியும் இருக்கின்றன. சிகிச்சை அட்டையில் மருந்து தொடங்கிய நாள், நிறுத்திய நாள், ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்த நாட்கள் எல்லாம் தனித்தனிக் கையொப்பத்தோடு பதிவாகியிருக்கின்றன. சந்தேகம் இருந்தால் பல்கலைக்கழக மருத்துவ அலுவலரிடம் அனுப்புங்கள், நேரில் வருகிறேன். அவர் அந்த அட்டையைப் பார்த்த மாத்திரத்தில் எல்லாம் விளங்கிவிடும்.

விலக்கு மறுக்கப்பட்டால் என்ன ஆகும் என்பதையும் எண்ணிப் பாருங்கள். இந்தப் பருவத்தின் பாடங்கள் அடுத்த ஆண்டுதான் மீண்டும் நடத்தப்படும். ஆறு வாரம் நோயாக இருந்ததற்கு ஓர் ஆண்டு போய்விடும். இன்னும் சில மாதங்கள் மாத்திரை விழுங்க வேண்டியிருக்கிறது. அதை விடாமல் விழுங்கிக்கொண்டுதான் படிக்கிறேன். அடுத்து இந்த நோய் வரும் மாணவர் என் கதையைக் கேட்டால், மருத்துவர் தடுத்தாலும் வருகைக்குப் பயந்து இருமிக்கொண்டே வகுப்பில் வந்து உட்காருவார். அவருக்கு அருகில் அறுபது பேர் இருப்பார்கள்.

கோபத்தில் சில வரிகள் நீண்டுவிட்டன. என் கோரிக்கை சிறியதுதான். புறநோயாளிச் சிகிச்சைக்கான ஆவணங்களை மருத்துவச் சான்றாக ஏற்று, விதிப்படியான கட்டணத்தைப் பெற்றுக்கொண்டு, என் வருகைக் குறைவுக்கு விலக்களித்து, தேர்வு தொடங்கும் முன் ஹால் டிக்கெட் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உள்நோயாளிச் சான்று கட்டாயமில்லை என்று கவுன்ட்டருக்கு எழுத்தில் ஓர் அறிவுறுத்தலும் அனுப்ப வேண்டுகிறேன். மருத்துவச் சான்று, உடல்தகுதிச் சான்று, பரிசோதனை அறிக்கைகள், சிகிச்சை அட்டை ஆகியவற்றின் நகல்களை மறுபடியும் இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகளை எப்போது கேட்டாலும் காட்டத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஐந்தாம் பருவ மாணவர் ஒருவர்