சேன்-பியேரை விட்டுக் கிளம்பும் முன்

ரெயூனியன் தமிழ் உறவுகளுக்கும் பியேர்ஃபோன் ராணுவ முகாமைச் சேர்ந்த குடும்பங்களுக்கும் வணக்கம்.

மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. ஜூலையில் பிரான்சில் உள்ள காஸ்த்ருக்குப் போகிறோம். இங்கே யார் யார் கைகொடுத்தார்கள் என்று எழுதாமல் போக மனம் வரவில்லை. அடுத்து வரும் குடும்பத்துக்கும் இது பயன்படலாம் என்பதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பிரெஞ்சுப் பட்டாளம்தான். மாமனார் காலத்தில் சொல்தா எங்கேயோ இருப்பார், மனைவி புதுச்சேரியில் மாமியாரோடு இருப்பாள், சம்பளமும் கடிதமும் வரும். இப்போது நாங்களும் கூடவே போகிறோம். கூடப் போனால் பிரிவு இல்லை என்று ஊரில் நினைக்கிறார்கள். கணவரின் ரெஜிமென்ட் இருக்கும் ஊரில்தான் குடியிருக்கிறோம், அவர்தான் அங்கே இருப்பதில்லை.

முதல் நன்றி ரெஜிமென்ட்டின் சமூகப் பணியாளர் அம்மாவுக்கு. கர்கசோனிலிருந்து புறப்படும் முன்பே மகளைப் பள்ளியில் பதிவு செய்ய நினைத்தோம். இங்கே ஆகஸ்ட் நடுவிலேயே பள்ளி திறந்துவிடும். நாங்கள் அணுகிய அலுவலகத்தில் வாடகை ஒப்பந்தம் வேண்டும், கரண்ட் பில் வேண்டும் என்றார்கள். வீடே கிடைக்காதவர் கரண்ட் பில்லுக்கு எங்கே போவது? சமூகப் பணியாளரிடம் போனில் சொன்னேன். 2019-இல் வந்த பள்ளிக் கல்விச் சட்டத்தில் பட்டாளக் குடும்பங்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது என்றார். மாற்றல் தெரிந்த நாளிலிருந்தே, கணவர் சேரப்போகும் முகாமின் முகவரியைத் தற்காலிக முகவரியாகக் காட்டி அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமாம். அந்தப் பக்கத்தை அச்செடுத்து, மாற்றல் உத்தரவின் நகலோடு சேர்த்து அனுப்பச் சொன்னார். மறுபேச்சு இல்லாமல் பதிவாகிவிட்டது. எதிரில் இருந்தவருக்குச் சட்டம் தெரியவில்லை, அவ்வளவுதான். கோபப்பட்டிருந்தால் இன்னும் ஒரு மாதம் போயிருக்கும்.

அடுத்து எதிர்வீட்டுத் தாந்தினுக்கு. இந்தத் தீவின் கிரியோல் மொழியில் அத்தை என்று அர்த்தம். அவர் மலபார் குடும்பம், அந்தக் காலத்தில் இங்கே வந்த தமிழர்களின் வழிவந்தவர். கிரியோல்தான் பேசுவார், தமிழ் வாயில் வருவது சாமி கும்பிடும்போது மட்டும். நரசிம்மப் பெருமாள் கோயிலில்தான் பழக்கம். நான் தமிழில் சொல்வேன், அவர் கிரியோலில் பதில் சொல்வார், மகள் நடுவில் நின்று சிரிப்பாள்.

அவர் உதவி எவ்வளவு பெரிது என்பது புரிய வேண்டுமானால், கணவரை அனுப்பிய எபார்ஸ் தீவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவை மடகாஸ்கரைச் சுற்றியுள்ள பிரெஞ்சுத் தீவுகள். யூரோப்பா, ஜுவான் தெ நோவா, குளோரியூஸ் ஆகிய மூன்று தீவுகளில் ஊர் மக்கள் என்று யாரும் கிடையாது. கொடி பறக்க ஆள் வேண்டும் என்பதால் எங்கள் ரெஜிமென்ட் போன்ற படைகளிலிருந்து 14 பேர் அளவில் ஒரு சிறு குழு, கூட ஒரு ஜாந்தார்ம் போலீஸ்காரர் என்று அனுப்புகிறார்கள். சுமார் 45 நாள் முறை. ஆளும் சாப்பாடும் ராணுவ விமானத்தில்தான் போகும். அடுத்த விமானம் வரும்வரை, உயிர் போகும் அவசரம் தவிர, யாரும் திரும்ப முடியாது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வர முடியாது. பேசக் கிடைப்பதும் கொஞ்ச நேரம்தான். அதில் கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுவதா, பிள்ளையைப் பற்றியா?

அதனால் கணவர் கிளம்பும் முன்பே காகித வேலையை முடித்துவிட வேண்டும் என்று முகாமில் ஒரு அக்கா சொல்லிக் கொடுத்தார். அவர் பெயரில் மட்டும் இருக்கும் கணக்குக்கு பாங்கில் அதிகாரப் பத்திரம், கார் பத்திரங்கள், காப்பீட்டு எண், வாடகை ஒப்பந்தத்தின் நகல், அவர் பெயரில் வரும் கடிதங்களை நான் வாங்கிக்கொள்ள ஓர் ஒப்புதல் கடிதம். எல்லாம் ஒரே கோப்பில். இதில் பாங்கு அதிகாரம்தான் முக்கியம். கணக்கு அவர் பெயரில் மட்டும் இருந்தால், மனைவி என்று சொன்னாலும் கவுன்ட்டரில் தரமாட்டார்கள்.

2025 பிப்ரவரி 28 அன்று காரான்ஸ் புயல் வந்தபோது கணவர் ஜுவான் தெ நோவாவில் இருந்தார். புயல் அந்தப் பக்கம் போகவே இல்லை. பட்டாளத்துக்குப் போனவர் பத்திரமாக இருக்க, வீட்டில் இருந்த நாங்கள் மாட்டிக்கொண்டோம். இங்கே ஆரஞ்சு எச்சரிக்கை என்றால் பள்ளி மூடும், சிவப்பு என்றால் வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது, ஊதா என்றால் மீட்புப் படையும் வெளியே வராது. அன்று ஊதா வரை போனது. ரெயூனியனில் 5 பேர் இறந்தார்கள். ஆரஞ்சு அறிவித்ததுமே தாந்தின் வந்து, "இரண்டு பேரும் என் வீட்டுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனார். குளியலறைத் தொட்டி நிறைய நீர் பிடித்து வைத்திருந்தார். அந்த நீர்தான் அப்புறம் குழாய் வராத நாட்களில் மூன்று பேருக்கும் உதவியது. வடக்கே விழுந்த சேதத்தோடு ஒப்பிட்டால் எங்கள் தெற்குப் பக்கம் தப்பித்தது என்றே சொல்ல வேண்டும். ஊரில் இருந்த சிப்பாய்களும் பாதை திறக்கப் போய்விட்டார்கள். ஆக, கணவர் ஜுவான் தெ நோவாவில் இல்லாமல் முகாமிலேயே இருந்திருந்தாலும் அந்த வாரம் வீட்டில் இருந்திருக்கமாட்டார்.

அவர் அங்கே இருந்த நாட்களில் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்த செலவில் ஒரு பங்கு திரும்பக் கிடைத்தது. நீண்ட நாள் வீட்டில் இல்லாத சிப்பாயின் குடும்பத்துக்கு ராணுவ சமூக உதவியில் இப்படி ஒரு தொகை உண்டு. சமூகப் பணியாளர் வழியாகத்தான் விண்ணப்பம். ரசீது இல்லாமல் கேட்கப் போகாதீர்கள்.

கணவர் திரும்பி வந்த பிறகுதான் கஷ்டம் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. நானும் மகளும் ஒரு ஒழுங்கில் பழகிவிட்டோம், எப்போது சாப்பாடு, எப்போது தூக்கம் என்று. அவர் வந்து எல்லாவற்றையும் மாற்றப் பார்த்தார், அப்புறம் எதிலும் சேராமல் ஒதுங்கி இருந்தார். ஒரு ராத்திரி 08 08 800 321-ஐ அழைத்தேன். எகூத் தெஃபான்ஸ் என்ற இந்த எண் சிப்பாய்க்கு மட்டுமல்ல, குடும்பத்துக்கும் உண்டு. எந்நேரமும் ஒரு உளவியலாளர் எடுப்பார், காசு கிடையாது, மேலதிகாரிக்கும் போகாது. பெயர் தெரியாத அந்தப் பெண்மணிக்கு நன்றி. முதல் சில நாட்கள் வீட்டு விதிகளை மாற்ற வேண்டாம், ஒரே ஒரு வேலையை மட்டும் அவரிடம் ஒப்படையுங்கள் என்றார். காலையில் மகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவதை ஒப்படைத்தேன். சண்டை நின்றுவிட்டது என்று பொய் சொல்லமாட்டேன், குறைந்தது.

என் வேலையைப் பற்றி ஒன்று. இங்கே முதியோர் பராமரிப்பில் இருந்தேன், இப்போது ராஜினாமா செய்ய வேண்டும். ராஜினாமா செய்தால் வேலையிழப்புத் தொகை கிடையாது என்று பயந்திருந்தேன். கணவரின் மாற்றலைத் தொடர்ந்து போவதற்காக விலகினால் அது நியாயமான ராஜினாமா என்று எடுத்துக்கொள்வார்கள், போதுமான மாதங்கள் வேலை செய்திருந்தால் தொகை உண்டு என்று பட்டாளக் குடும்பங்களுக்கு வேலை தேட உதவும் தெஃபான்ஸ் மொபிலிதேயில் இருந்தவர் விளக்கினார். விலகல் கடிதத்தில் காரணத்தை எழுதச் சொன்னார், மாற்றல் உத்தரவைப் பிரான்ஸ் திரவாய் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் காட்டச் சொன்னார். காஸ்த்ரில் வேலை தேடவும் என் பெயரை இப்போதே அங்குள்ள கிளைக்கு அனுப்பிவிட்டார். அவருக்கும் நன்றி.

மேலே சொன்ன கோப்பின் ஒரு நகலை, பெயர்களை அழித்துவிட்டு, தாந்தினிடம் கொடுத்திருக்கிறேன். கூடவே அந்தச் சட்டப் பக்கமும் இருக்கிறது. ஆகஸ்டில் புதிதாக வரும் தமிழ்க் குடும்பங்கள் பெருமாள் கோயிலில் விசாரித்தால் அவர் வீட்டைக் காட்டுவார்கள். தமிழ் தெரியாது என்று தயங்க வேண்டாம், டீ போட்டுக் கொடுத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.