பேக்வாஷ் தண்ணீர் பற்றி எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "இவர்கள் வந்து ஒரு தடவை ஃபில்டர் கழுவினால் அரை லாரித் தண்ணீர் சாக்கடைக்குப் போகிறது" என்று, ஃபில்டர் பராமரிக்கும் எங்களைப் பற்றி ஒரு செய்தி அடுக்குமாடி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றி வருகிறது. உங்களில் சிலர் அதை எங்களுக்கே அனுப்பிக் கேட்டீர்கள். நேரில் கேட்டதற்கு நன்றி. தண்ணீரை வீணாக்குகிறோம் என்ற பேச்சு எங்களுக்கு உண்மையில் வலித்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

அந்தச் செய்தியில் சொல்லும் வளாகத்தில் இருப்பது 1.2 மீட்டர் விட்டமுள்ள பிரஷர் சாண்ட் ஃபில்டர். மணல் பரப்பு சுமார் 1.13 சதுர மீட்டர். நிமிடத்துக்கு 225 லிட்டர் வடிகட்டும் பம்பையே, வால்வைத் திருப்பி, தண்ணீரைக் கீழிருந்து மேலாக விட்டு மணலைக் கழுவும் பேக்வாஷுக்கும் ஓட்டி வந்தார்கள். கணக்குப் போட்டால் மணலுக்குள் தண்ணீர் மேலேறும் வேகம் மணிக்கு 12 மீட்டர்தான். அரை மில்லிமீட்டர் மணல் அந்த வேகத்தில் லேசாக அசையும், அவ்வளவுதான். காற்று அடிக்காமல் தண்ணீரால் மட்டும் கழுவும்போது மணிக்கு சுமார் 36 மீட்டர் வேண்டும். இந்த ஃபில்டருக்கு அது நிமிடத்துக்கு 680 லிட்டர். அந்த வேகத்தில்தான் 60 செ.மீ. மணல் படுகை கால் பங்குக்குக் குறையாமல் உப்பி, 15 செ.மீ.க்கு மேல் எழும்பும். மணிகள் விலகி, ஒன்றோடொன்று உரசி, ஒட்டிய சேறு கழன்று வரும். படுகை எழும்பாவிட்டால் தண்ணீர் தனக்கு வழி கிடைத்த இடத்தில் மட்டும் ஏறிப் போகும், மற்ற இடத்து அழுக்கு அப்படியே கிடக்கும்.

இப்போது செலவைப் பாருங்கள். நாங்கள் 680 லிட்டர் வேகத்தில் 10 நிமிடம் கழுவினோம், 6,800 லிட்டர் ஆனது. அரை லாரி என்பது சரிதான். ஆனால் முன்பு 225 லிட்டர் வேகத்தில் அரை மணி நேரம் ஓட்டினார்களே, அதுவும் 6,750 லிட்டர்! செலவு ஒன்றுதான், மணல் மட்டும் கழுவப்படவில்லை. குறைந்த வேகத்தில் எவ்வளவு நேரம் ஓட்டினாலும் அந்தக் குறை தீராது. அந்த ஃபில்டர் நாளுக்குப் பத்து மணி நேரம் ஓடி 1,35,000 லிட்டர் தருகிறது. தினமும் கழுவினால்கூட 5 சதவீதம்தான் போகும். அந்தத் தண்ணீரையும் ஒரு தொட்டியில் தெளியவிட்டுத் தோட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஃபில்டரின் மேன்ஹோலைத் திறந்தபோது நிலைமை தெளிவாகத் தெரிந்தது. மணல் சுவரை விட்டு விரல் நுழையும் அளவு விலகியிருந்தது. மேலே சேற்றுப் படலம், அதில் வெடிப்பு. கையைவிட்டு அள்ளினால் சுண்டைக்காய் அளவில் சேறும் மணலும் சேர்ந்த உருண்டைகள். இவை பெருத்துக் கனமாகி அடியில் போய்த் தங்கிவிட்டால், அப்புறம் மணலை வெளியே எடுத்துத்தான் கழுவ வேண்டும்.

அவ்வளவு தூரம் போகும் முன்பே பிரஷர் கேஜ் சொல்லிவிடும். பேக்வாஷ் முடிந்ததும் ஃபில்டருக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு கேஜ்களின் வித்தியாசத்தைக் குறித்து வையுங்கள். புது மணலில் 0.2 கிலோ இருந்தது, இப்போது கழுவிய உடனேயே 0.4 காட்டினால் அழுக்கு உள்ளே தங்குகிறது. இரண்டு நாள் தாங்கியது ஒரு நாளில் அடைத்துக்கொள்வதும் அதே காரணத்தால்தான். கழுவி முடிக்கும்போது கண்ணாடி பாட்டிலில் பிடித்த தண்ணீர் இன்னும் கலங்கலாக இருந்தாலும் அதே அர்த்தம்தான். ஆனால் பாட்டிலின் அடியில் நல்ல மணல் சேர்ந்தால் வேகம் அதிகம், உடனே வால்வைக் குறையுங்கள்.

திறந்த தொட்டி ஃபில்டர் வைத்திருக்கும் மில்காரர்களுக்கு இன்னும் எளிது. ஒரு கம்பியில் சின்னக் கிண்ணங்களை 5 செ.மீ. இடைவெளியில் கட்டி, கடைசிக் கிண்ணம் மணலைத் தொடும்படி நிறுத்திக் கழுவுங்கள். மணல் விழுந்திருக்கும் கிண்ணங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறதோ, அதுவரை படுகை எழும்பியிருக்கிறது. இதைக் கோடையில் ஒரு முறையாவது செய்யுங்கள். 20 டிகிரித் தண்ணீரைவிட 30 டிகிரித் தண்ணீரின் பிசுக்கு ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதனால் மணலைத் தூக்கும் வலுவும் குறையும், மார்கழியில் வைத்த வால்வு நிலை சித்திரைக்குப் போதாது.

தனி பேக்வாஷ் பம்ப் இல்லாத இடங்களில் அளந்து பார்த்துச் சொல்ல எங்கள் ஆட்கள் வருவார்கள், அதற்குக் கட்டணமில்லை. மற்றபடி பராமரிப்புக் கட்டணம் அடுத்த புதுப்பித்தலிலிருந்து சிறிது மாறும், விவரம் பில்லில் இருக்கும்.

இந்தப் பேச்சு சுற்றிய நேரத்திலும் ஒப்பந்தத்தை விடாமல், "என்னவென்று நீங்களே சொல்லுங்கள்" என்று கேட்ட எல்லா அசோசியேஷன்காரர்களுக்கும் மனமார்ந்த நன்றி. கேஜ் குறிப்பேட்டை மட்டும் அடுத்த முறை வரும்போது எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உரிமையாளர்