இடித்த வீட்டைப் பற்றி எழுதிய கவிதை

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். ஊரில் நம் வீட்டை இடித்து முடித்த பிறகு வெற்று மனையைப் படமெடுத்து அனுப்பியிருந்தீர்கள். மழையில் பின்சுவர் விரிசல் விட்ட பிறகு அதை நிறுத்தி வைத்திருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். அதில் உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் படத்தைப் பார்த்ததும், இத்தனை சிறிய இடத்திலா அத்தனை அறைகளும் முற்றமும் தாழ்வாரமும் இருந்தன என்று திகைத்துவிட்டேன். சுவர்கள் நிற்கும்வரை ஓர் அறையிலிருந்து மறு அறைக்கு நடந்துதானே வீட்டை அளந்தோம்; மனையாகிவிட்டால் ஒரே பார்வையில் முடிந்துவிடுகிறது.

இங்கே குளிர்காலம் தொடங்கிவிட்டது. மாலை நாலரைக்கே இருட்டிவிடுகிறது. நான் இருக்கும் ஐந்தாம் மாடி வீட்டில் சுவர் என்பது மரச்சட்டத்தின் மேல் அறைந்த ஜிப்சம் பலகைதான். தட்டினால் பெட்டியைத் தட்டியது போல ஒலிக்கும். வாடகை ஒப்பந்தப்படி அதில் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது. கதவுகள் என்னைவிட ஒரு முழம் உயரம். அப்படியிருந்தும் உள்ளே நுழையும்போது நான் தலையைக் குனிக்கிறேனாம். உடன் வேலை செய்பவர் ஒருநாள் வீட்டுக்கு வந்தபோது இதைக் கவனித்து, கழுத்தில் வலியா என்று கேட்டார். நம் வீட்டு நிலைப்படியில் எத்தனை முறை நெற்றியை இடித்துக்கொண்டிருப்பேன்! நிலை போய்விட்டது, குனிவு மட்டும் என்னோடு வந்துவிட்டது. அன்றிரவு அதைத்தான் ஒரு கவிதையாக எழுதத் தொடங்கினேன்.

முதலில் எழுதியது உருப்படவில்லை. தூண், ஊஞ்சல், அம்மி, உத்திரம் என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தேன். படித்துப் பார்த்தால் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லையும் சொத்து விவரமும் எழுதியது போல இருந்தது. அதோடு ஒவ்வொரு வரியும் ‘இருந்தது, இருந்தது’ என்று முடிந்ததால் மூன்றாவது வரிக்குள் ஒப்பாரியாகிவிட்டது. அதனால் இறந்த காலத்தை அடியோடு எடுத்துவிட்டு, இல்லாததை இல்லை என்று சொல்லிவிட்டு, அந்த இடத்தில் இப்போது என்ன நடக்கிறது என்று மட்டும் எழுதினேன். ‘நினைவு’ என்ற சொல்லையும் அடித்துவிட்டேன். அதைச் சொன்னவுடன் படிப்பவர் வீட்டுக்குள் வராமல் வெளியிலேயே நின்று அனுதாபப்படத் தொடங்கிவிடுகிறார். மிஞ்சியது இவ்வளவுதான்:

கதவில்லை, ஆனாலும் குனிந்தே நுழைகிறேன்.
சுவரில்லை, மாடத்து விளக்கு மட்டும்
அதே உயரத்தில் எரிகிறது.
சிவப்புத் தரையில் பாட்டி
கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

தொலைபேசியில் இதைப் படித்துக் காட்டியபோது நீங்கள் சிரித்தீர்கள், நினைவிருக்கிறதா? சிவப்புச் சிமென்ட் தரை போட்டதே பாட்டி போன பிறகுதான், அவள் இருந்தவரை சாணம் மெழுகிய தரைதான் என்றீர்கள். நீங்கள் சொன்னது சரி. ஆனால் கண்ணை மூடினால் எனக்கு இரண்டும் சேர்ந்தேதான் வருகின்றன. யோசித்துப் பார்த்ததில் காரணம் புலப்பட்டது: பாட்டியைப் பார்த்தபோது எனக்கு ஆறு வயது, அந்தத் தரையின் குளிர்ச்சியில் படுத்துப் படித்தது பதினைந்து வயதில். வீடு நின்றிருந்தால், ஊருக்கு வரும்போதெல்லாம் அதுவே என் தவற்றைத் திருத்தியிருக்கும். இப்போது திருத்த ஆளில்லை. காலியான இடத்தில் ஒன்பது வருட இடைவெளியைத் தாண்டி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

உண்மைக்காகச் ‘சாணத் தரை’ என்று மாற்றிப் பார்த்தேன். தகவல் சரியாயிற்று, வரி செத்துவிட்டது. அந்தத் தரை என் உடம்பு மறந்துவிட்ட தரை. பழையபடியே விட்டால் உங்களுக்குத் தெரிந்த பொய்யாகிறது. ஒரு வாரம் கழித்து, வேலைக்குப் போகும் ரயிலில், தவற்றை மறைக்காமல் அதையே வரியாக்கிவிடலாம் என்று தோன்றியது:

பாட்டி பார்த்திராத சிவப்புத் தரையில்
பாட்டி கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறாள்.

பழைய வரியைவிட இது எனக்குப் பிடித்திருக்கிறது. நீங்கள் சிரிக்காமல் இருந்திருந்தால் இந்த வரி கிடைத்திருக்காது.

‘அதே உயரத்தில்’ என்பதில் இன்னும் ஐயம் இருக்கிறது. எனக்கு அந்த மாடம் எப்போதும் தலைக்கு மேலேதான் தெரிகிறது. பெரியவனான பிறகு அது என் மார்பளவுதான் இருந்திருக்க வேண்டும். ஆனால் விளக்கு ஆறு வயதுப் பையனின் கண்ணுக்கே எரிந்துகொண்டிருக்கிறது. அளந்து பார்க்கவும் இனிச் சுவரில்லை. புகைக்கரி படிந்திருந்த அந்த மாடம் உள்ளே நுழையும்போது வலப்பக்கமா, இடப்பக்கமா என்பதுகூட இப்போது குழம்புகிறது. அண்ணியிடமும் கேட்டு, இருவரும் தனித்தனியாக எழுதி அனுப்புங்கள்.

அன்புத் தம்பி