இரண்டு கோபாலபுரம்

அன்புள்ள சண்முகத்துக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. பேனாவை எடுத்தாலே கூரியர் கம்பெனிக்குப் புகார் எழுதத்தான் கை போகுது, அதான் தாமதம்.

அம்மாவோட காது மிஷினை எர்ணாகுளத்தில் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் ஜூன் 3ஆம் தேதி கூரியரில் போட்டார். 4ஆம் தேதி கோவையில் ஸ்கேன். அங்கிருந்து பொள்ளாச்சி வந்தால் நம்ம கோபாலபுரம் எவ்வளவு தூரம்? ஆனா 6ஆம் தேதி பார்த்தால் சென்னைன்னு காட்டுது. 7ஆம் தேதி மதியம் 1.40க்கு 'டெலிவர்டு'. அந்த நேரம் நான் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் உட்கார்ந்து, பாலக்காட்டுப் பக்கம் போற லாரிகளை எண்ணிக்கிட்டு இருந்தேன்.

அப்புறம்தான் உறைச்சது. சென்னையிலும் ஒரு கோபாலபுரம் இருக்கே! யாரோ பின்கோடைப் பார்க்காமல் ஊர்ப் பேரை மட்டும் பார்த்துப் பிரிச்சிருக்காங்க.

முதல் புகாரில் கோபத்தை எல்லாம் கொட்டி இரண்டு பக்கம் எழுதினேன். "சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று மிஷின் மாதிரி ஒரு பதில். போனில் கேட்டால், அனுப்பினவர்தான் புகார் தரணுமாம். சரின்னு கடைக்காரரிடம் புக்கிங் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, அவர் மெயிலிலிருந்தே இரண்டாவதை அனுப்ப வெச்சேன். அதில் அழுகை, சாபம் ஒண்ணும் கிடையாது. மேலே கன்சைன்மென்ட் நம்பர், கீழே ஸ்கேன் ஆன தேதி, நேரம், ஊர், வரிசையா. அப்புறம் இப்படி:

"சீட்டில் பின்கோடு 642 என்று தொடங்குகிறது. சென்னைக்கு 600. பார்சல் ஏன் சென்னை போனது? 7ஆம் தேதி வாங்கியவர் பெயரும் கையெழுத்தும் உள்ள டெலிவரி ரசீதின் நகலை 48 மணி நேரத்தில் அனுப்பவும்."

டிராக்கிங் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேர்த்தேன். அவங்க அதை மாத்திட்டா நம்ம கையில் ஆதாரம் எது?

பணம் கேட்கலை. மிஷின் பதினாலாயிரம், கடைக்காரர் சீட்டில் போட்ட மதிப்போ ஐந்நூறு. சீட்டுக்குப் பின்னாடி பொடி எழுத்தில் அவங்க பொறுப்புக்கு ஒரு உச்சவரம்பு அச்சடிச்சிருக்கு. அதை வெச்சே நம்ம வாயை அடைச்சிருப்பாங்க. அதனால் பொருளைத் தேடித் தா என்றுதான் பிடிச்சேன். மசியலைன்னா 1915 நுகர்வோர் எண்ணில் சொல்லிட்டு, கோவை நுகர்வோர் ஆணையத்துக்குப் போறதா இருந்தேன். நாம குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், இரண்டு வருஷம் அவகாசமும் உண்டு.

மறுநாளே ஒரு மனுஷக் குரல் பேசிச்சு. கையெழுத்தே இல்லையாம். பார்சல் சென்னை கிளையில் ஒரு அலமாரியில் கிடந்திருக்கு. வெள்ளிக்கிழமை வந்துடும்கிறாங்க. வந்தால் டெலிவரி பையன் எதிரிலேயே பிரிச்சு, வீடியோ எடுத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அதுவரைக்கும் இங்கே போன் பண்ணாதே. அம்மா எடுத்துட்டா, நீ கத்துற கத்தல் உன் தெருவுக்கே கேட்கும்.

உன்,
பழனிச்சாமி