யார் கையெழுத்துப் போடுவது?

ஆசிரியருக்கு,

மனநலச் சிகிச்சையில் உறவினர் சம்மதம் பற்றிய தங்கள் தலையங்கம் ஒரு முக்கியமான செய்தியை விட்டுவிட்டது. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன் 14-ஆம் பிரிவுப்படி, வயது வந்த எவரும் தமக்கான நியமனப் பிரதிநிதியை, அதாவது தம்மால் முடிவெடுக்க முடியாதபோது சிகிச்சை குறித்துத் தம் சார்பில் பேசுபவரை, வெள்ளைத்தாளில் எழுதிக் கையொப்பமோ கைரேகையோ இட்டு நியமிக்கலாம். அவர் உறவினராக இருக்க வேண்டியதில்லை. எழுதி வைக்காவிட்டால், பராமரிப்பவரைவிட உறவினருக்கே முன்னுரிமை.

உசிலம்பட்டியில் எங்கள் தெருப் பெண்மணி ஒருவருக்கு வேளாவேளைக்கு மாத்திரை கொடுத்துப் பார்த்துக்கொண்டவர் பக்கத்து வீட்டுத் தோழி. நோய் முற்றியபோது, பல ஆண்டுகளாக எட்டிப் பார்க்காத அண்ணன் வந்து சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்துக் கையெழுத்திட்டார். எந்த மாத்திரை ஒத்துக்கொள்ளாது என்பதுகூட அவருக்குத் தெரியாது. (சொத்துப் பத்திரம் எங்கே என்று மட்டும் கேட்டார்.) நோயாளி தெளிவாக இருக்கும்போதே, மாதாந்திர மருந்து வாங்க வரும் நாளில், இந்த நியமனத்தை எழுதி வாங்கி மருத்துவக் கோப்பில் சேர்க்க அரசு மருத்துவமனைகள் ஏற்பாடு செய்யலாம்.

- வாசகர், உசிலம்பட்டி